இஸ்ரேலில் இருக்கும் சக ஊழியருக்கு எபிரேயத்தில் இரண்டு வரி: ஓய்வுநாள் வாழ்த்தும் பண்டிகை வாழ்த்தும்

சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து டெல் அவிவ் அணியோடு வேலை பார்ப்பவர்களுக்கு இது. எபிரேயம் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. நான்கைந்து சொற்றொடர்கள், அவற்றை எந்த நாளில் அனுப்புவது என்ற கணக்கு, விசைப்பலகையில் ஒரு சின்ன அமைப்பு, இவ்வளவு போதும். இதில் பலரும் சறுக்குவது சொல்லில் அல்ல, நாளில்தான். அதனால் நாளிலிருந்தே தொடங்குவோம்.

படி 1: அவர்களுடைய வாரத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இஸ்ரேலில் வேலை வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கி வியாழனோடு முடிகிறது. பெரும்பாலான அலுவலகங்களில் வெள்ளி விடுமுறை. வார ஓய்வுநாளான ஷபாத், வெள்ளி மாலை சூரியன் மறைவதற்குச் சற்று முன் விளக்கேற்றுவதோடு தொடங்கி, சனிக்கிழமை இரவு வானில் நட்சத்திரம் தெரியும்வரை நீடிக்கும். கடிகாரக் கணக்கில் சுமார் 25 மணி நேரம். ஆச்சாரம் கடைப்பிடிப்பவர்கள் அந்த நேரத்தில் போனைத் தொட மாட்டார்கள். மற்றவர்கள் தொடுவார்கள், ஆனால் அலுவலகச் செய்தி வந்தால் யாருக்கும் மகிழ்ச்சி இருக்காது.

நம் வெள்ளிக்கிழமை மதியம் அனுப்பும் செய்தி அவர்களுக்கு விடுமுறை நாளில்தான் போய்ச் சேரும். ஆகவே வாழ்த்து அனுப்பச் சரியான வேளை வியாழன் மாலை. இங்கே மாலை 6 மணி என்றால் அங்கே குளிர்காலத்தில் 2:30, கோடையில் 3:30. அவர்கள் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவைப்பதால் இந்த வித்தியாசம். வாரத்தின் கடைசி வேலை நாளை முடித்துக் கிளம்பும் மனநிலையில் அவர்கள் இருக்கும் நேரம் அது.

வெள்ளிக்கிழமை காலையில் அனுப்பினாலும் தவறில்லை, வாழ்த்து மட்டும் என்றால். அதோடு வேலையைச் சேர்த்து அனுப்பாதீர்கள்.

படி 2: விசைப்பலகையைத் தயார் செய்யுங்கள்

போனில் விசைப்பலகை அமைப்புக்குப் போய் மொழிப் பட்டியலில் எபிரேயத்தைச் சேர்த்தால் முடிந்தது. கணினியிலும் அப்படியே. தட்டச்சு செய்யப் பொறுமை இல்லையென்றால் கீழே உள்ளவற்றை நகலெடுத்து ஒட்டிக்கொள்ளலாம். நான் பலமுறை அதைத்தான் செய்கிறேன், வெட்கமில்லாமல்.

தட்டச்சு செய்பவர்கள் இரண்டு ஜோடிகளில் கவனமாக இருக்க வேண்டும். ம் ஒலிக்கு இரண்டு எழுத்துகள் உண்டு: சொல்லின் தொடக்கத்திலும் நடுவிலும் מ, கடைசியில் ם. இரண்டுக்கும் தனித்தனி விசை. கடைசியில் வரும் ם சதுரமாக இருக்கும். அதை வட்டமாக இருக்கும் ס எழுத்தோடு குழப்பினால் சொல்லே வேறாகிவிடும். அடுத்தது ח, ה. முதலாவதில் இடது கால் மேலே உள்ள கோட்டோடு ஒட்டியிருக்கும், இரண்டாவதில் இடைவெளி இருக்கும். பண்டிகை வாழ்த்தில் வருவது ஒட்டியிருக்கும் ח.

படி 3: வாரத்துக்கான மூன்று வாழ்த்துகள்

```
שבת שלום
סוף שבוע נעים
שבוע טוב
```

முதலாவது ‘ஷபாத் ஷாலோம்’. வியாழன் மதியத்திலிருந்து சனி மாலை வரை சொல்லலாம். மத நம்பிக்கை இல்லாதவர்களும் சாதாரணமாகச் சொல்லும் வாழ்த்து இது, கடையில் காசு கொடுத்துத் திரும்பும்போதுகூடக் காதில் விழும்.

இரண்டாவது ‘ஸோஃப் ஷவூவா நயீம்’, இனிய வார இறுதி என்று பொருள். எதிரே இருப்பவர் யூதரா என்று தெரியாவிட்டால் இதுவே பாதுகாப்பானது. இஸ்ரேல் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அரபியர். பெயரை மட்டும் வைத்து ஊகித்து ஷபாத் வாழ்த்து அனுப்புவதைவிட இது மேல். அவசரத்தில் இதை סופ״ש என்று சுருக்கியும் எழுதுவார்கள்.

மூன்றாவது ‘ஷவூவா தோவ்’, நல்ல வாரமாக அமையட்டும் என்பது. ஷபாத் முடிந்த சனி இரவிலும் ஞாயிறன்றும் சொல்வது. நம்மில் பலர் இதை மறந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்த செய்திக்குப் பதில் போடும்போதும் ‘ஷபாத் ஷாலோம்’ என்று எழுதிவிடுகிறார்கள். பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் ‘பொங்கல் வாழ்த்து’ சொல்வது போல இருக்கும் அது.

படி 4: செய்தியை அமையுங்கள்

நோவா என்ற பெண் ஊழியர் ஓர் அறிக்கைக்கு உதவியிருக்கிறார். வியாழன் மாலை அவருக்கு இப்படி எழுதலாம்:

```
היי נועה,
תודה על העזרה עם הדוח.
נדבר ביום שני.
שבת שלום!
```

வரிசையாகச் சொன்னால்: ஹாய் நோவா, அறிக்கைக்கு உதவியதற்கு நன்றி, திங்களன்று பேசுவோம், ஷபாத் ஷாலோம்.

இதில் எந்த வரியும் ஆணுக்கும் பெண்ணுக்கும் மாறாது. எபிரேயத்தில் வினைச்சொல் பெரும்பாலும் பேசுபவரின் அல்லது கேட்பவரின் பாலைப் பொறுத்து மாறும். ‘வாழ்த்துகிறேன்’ என்று எழுத வேண்டுமானால் எழுதுபவர் ஆண் என்றால் מאחל, பெண் என்றால் מאחלת. அதனால் தொடக்கத்தில் அந்த வினையையே தவிர்த்துவிடுங்கள். ‘நாம் பேசுவோம்’ என்ற נדבר இருவரையும் சேர்த்துச் சொல்வதால் சிக்கல் இல்லை. வாழ்த்தை நீட்ட வேண்டுமென்றால் לך ולמשפחה என்று சேர்க்கலாம், உங்களுக்கும் குடும்பத்துக்கும் என்று பொருள். உச்சரிப்பில் அது பால் பார்த்து மாறினாலும் எழுத்தில் ஒன்றுதான்.

மூன்றாம் வரியில் திங்கள் என்று எழுதியிருப்பது நமக்காக. நீங்கள் ஞாயிறு வேலை செய்வதில்லை என்றால், அவர் ஞாயிறு காலை உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கக் கூடாது அல்லவா? எபிரேயத்தில் நாள்களுக்கு எண்தான் பெயர்: ஞாயிறு முதல் நாள் (יום ראשון), திங்கள் இரண்டாம் நாள் (יום שני). நம் அலுவலக வாரத்தை வைத்து எண்ணி, திங்களை முதல் நாள் என்று எழுதிவிட்டால் அவருக்கு அது ஞாயிறாகப் போய்ச் சேரும். கூட்டத்துக்கு ஒருவர் மட்டும் வந்து காத்திருப்பது இப்படித்தான் நடக்கிறது.

பதிலாக அவர் גם לך என்று எழுதினால் ‘உங்களுக்கும்’ என்று பொருள். அவர் முந்திக்கொண்டு வாழ்த்தினால் நீங்களும் இதையே எழுதலாம்.

படி 5: வரி தலைகீழாகாமல் பாருங்கள்

எபிரேயம் வலமிருந்து இடமாக ஓடும். வரியைத் தமிழிலோ ஆங்கிலத்திலோ தொடங்கி நடுவில் எபிரேயத்தை ஒட்டினால், மென்பொருள் அந்த வரி முழுவதையும் இடமிருந்து வலமாக எடுத்துக்கொள்ளும். எழுத்துகள் சரியாகவே இருக்கும். ஆனால் கடைசியில் நீங்கள் போட்ட ஆச்சரியக்குறி எபிரேயச் சொல்லின் வலது பக்கம் போய் நிற்கும், அதாவது அவர் படிக்கத் தொடங்கும் இடத்தில்.

எளிய தீர்வு, எபிரேயத்துக்குத் தனி வரி கொடுப்பது. வாட்ஸ்அப் போன்ற செயலிகள் முதல் எழுத்தைப் பார்த்தே வரியின் திசையைத் தீர்மானிக்கின்றன. விண்டோஸில் பல எழுதும் பெட்டிகளில் வலது பக்க `Ctrl + Shift` அழுத்தினால் வரி வலமிருந்து இடமாக மாறும். இடது பக்க `Ctrl + Shift` பழையபடி திருப்பும். அனுப்பும் முன் நிறுத்தக்குறி எங்கே நிற்கிறது என்று பாருங்கள். இடது ஓரத்தில் இருந்தால் சரி.

படி 6: பண்டிகைகள்

பொதுவான வாழ்த்து חג שמח, ‘ஹாக் ஸமேயாஹ்’. இரண்டு சொல்லிலும் வரும் ‘ஹ’ தொண்டையைச் செருமுவது போன்றது. தொலைபேசியில் சொல்லப்போகிறீர்கள் என்றால் மட்டும் பழகுங்கள். பஸ்கா, கூடாரப் பண்டிகையான சுக்கோத், ஷவுவோத் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். பண்டிகையும் முந்தைய நாள் மாலையிலேயே தொடங்கிவிடும், எனவே ஒரு நாள் முன்பே அனுப்புங்கள். பஸ்காவும் சுக்கோத்தும் ஒரு வாரம் நீளும். நடு நாள்களில் மட்டும் சொல்வதற்கென்று מועדים לשמחה (மோஅதீம் லெஸிம்ஹா) என்ற வாழ்த்து உண்டு. இதைத் தெரிந்து எழுதினால் வியப்பார்கள், எழுதாவிட்டாலும் குறையில்லை.

புத்தாண்டான ரோஷ் ஹஷானாவுக்கு שנה טובה, ‘ஷானா தோவா’. 2026-இல் அது செப்டம்பர் 11, வெள்ளி மாலையில் தொடங்குகிறது. ஷபாத்தும் புத்தாண்டும் ஒரே மாலையில் என்பதால் இரண்டையும் சேர்த்து, 10-ஆம் தேதி வியாழனன்று இப்படி அனுப்பலாம்:

```
היי נועה,
שבת שלום ושנה טובה לך ולמשפחה!
נדבר אחרי החג.
```

கடைசி வரி ‘பண்டிகைக்குப் பிறகு பேசுவோம்’. புத்தாண்டு இரண்டு நாள், அதாவது ஞாயிறு இரவு வரை. எனவே அந்த ஞாயிறு அவர்களுக்கும் வேலை நாள் இல்லை. அந்த மாதம் முழுக்கப் பண்டிகைகள் அடுத்தடுத்து வருவதால், எந்த வேலையைக் கேட்டாலும் אחרי החגים, ‘பண்டிகைகளுக்குப் பிறகு’, என்ற பதில் வரலாம். கோபப்படாதீர்கள், அங்கே ஊருக்கே அதுதான் வழக்கம்.

புத்தாண்டின் முதல் நாளிலிருந்து எண்ணினால் பத்தாம் நாளாக வரும் யோம் கிப்பூர் (2026-இல் செப்டம்பர் 20 மாலை தொடங்கி 21 இரவு வரை) கொண்டாட்டம் அல்ல, நோன்பும் பாவமன்னிப்பு வேண்டலும். அதற்கு חג שמח எழுதக் கூடாது. எழுத வேண்டியது:

```
גמר חתימה טובה
```

‘க்மார் ஹதிமா தோவா’. வரும் ஆண்டுக்கான தீர்ப்பு நல்லதாக முத்திரையிடப்படட்டும் என்ற வேண்டுதல். அவர் நோன்பிருப்பார் என்று தெரிந்தால் צום קל, ‘எளிதான நோன்பு’ என்றும் சேர்க்கலாம். தெரியாவிட்டால் சேர்க்க வேண்டாம்.

படி 7: வாழ்த்தே கூடாத நாள்கள்

பஸ்கா முடிந்து சில நாள்களில் யூத இனப்படுகொலையில் இறந்தவர்களின் நினைவு நாளும், அதற்கு அடுத்த வாரம் போரிலும் தாக்குதல்களிலும் இறந்தவர்களின் நினைவு நாளும் வருகின்றன. இரண்டு நாளிலும் நாடெங்கும் அபாயச் சங்கு ஒலிக்க, சாலையில் வண்டிகளை நிறுத்தி மக்கள் எழுந்து நிற்பார்கள். நாள்காட்டியில் அந்த ஊரின் சிறப்பு நாள் என்று பார்த்தவுடன் வாழ்த்து அனுப்பும் பழக்கம் இங்கேதான் மாட்டிவிடும். அன்று வேலைச் செய்தி எழுத நேர்ந்தால் வாழ்த்தோ சிரிக்கும் முகமோ இல்லாமல் விஷயத்தை மட்டும் எழுதுங்கள்.

இரண்டாவது நினைவு நாள் சூரியன் மறைந்ததும் முடிந்து, அதே மாலையில் சுதந்திர தினம் தொடங்குகிறது. காலையில் துக்கம், இரவில் வாணவேடிக்கை. இங்கிருந்து மதியம் அனுப்பும் חג עצמאות שמח (சுதந்திர தின வாழ்த்து) அவர்களுக்கு துக்கத்தின் நடுவில் வந்து விழும். இந்திய நேரம் இரவு 11 மணிக்குப் பிறகு அனுப்புங்கள், அல்லது மறுநாள் காலை.