இளம் கால்பந்து வீரர் எத்தனை ஆண்டு தாக்குப்பிடிப்பார்? சர்வைவல் வளைவு போட்டுப் பார்ப்போம்

இங்கிலாந்தில் 17 வயதானால் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடலாம். அப்படிப் போட்ட பையன் எத்தனை ஆண்டு ஆடுவான்? அவனுக்கு முன்னால் அதே வாசலில் நுழைந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தால் ஓரளவு சொல்லலாம். ஒவ்வோர் ஆண்டுக்குப் பிறகும் எத்தனை பங்கு பேர் இன்னும் ஆடுகிறார்கள் என்று காட்டும் கோடுதான் சர்வைவல் வளைவு. சராசரி மட்டும் எடுத்தால் ஏமாந்துவிடுவோம். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

படி 1: தொடக்கமும் முடிவும்

2012 கோடையில், மேல் நான்கு டிவிஷன்களின் 92 கிளப்புகளில் முதல் ஒப்பந்தம் போட்டவர்களை எடுத்துக்கொள்வோம். முதல் ஆட்டம் ஆடியவர்களை மட்டும் எடுக்கக் கூடாது. ஒரு ஆட்டம்கூட ஆடாமல் வெளியேறியவர்கள் பட்டியலிலிருந்து விழுந்துவிடுவார்கள். வளைவு பொய்யாக உயரும்.

முடிவுதான் தலைவலி. முன்கள வீரர் ரிக்கி லாம்பர்ட்டை பிளாக்பூல் கிளப் விடுவித்தபோது, சில மாதங்கள் பீட்ரூட் பதப்படுத்தும் ஆலையில் வேலை பார்த்தார். அப்போதே ‘முடிந்தது’ என்று குறித்திருந்தால்? அதே லாம்பர்ட் 2013-இல் இங்கிலாந்துக்காக இறங்கி, ஸ்காட்லாந்துக்கு எதிராக கோல் அடித்தார். அதனால் என் விதி இது: தொடர்ந்து இரண்டு சீசன் எந்த கிளப்பிலும் பதிவு இல்லை என்றால்தான் முடிவு, கடைசியாகப் பதிவாகியிருந்த சீசனோடு கணக்கு முடியும். லோனில் வேறு கிளப்புக்குத் தற்காலிகமாகப் போவது முடிவல்ல.

இந்த விதிக்கு ஒரு விலை உண்டு. தரவு 2025 கோடை வரை இருந்தால், கடைசி இரண்டு சீசனில் காணாமல் போனவர்கள் திரும்பி வருவார்களா என்று தெரியாது. எனவே கணக்கை 2023 கோடையில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதாவது 11 ஆண்டு.

படி 2: இரண்டே நெடுவரிசை

ஒவ்வொருவருக்கும் இரண்டு எண் போதும்: எத்தனை ஆண்டு பார்த்தோம் என்பது T, முடிவைப் பார்த்தோமா (1) இல்லையா (0) என்பது E. கணக்கைப் போடுவது lifelines என்ற பைத்தான் நூலகம். பயிற்சிக்காக நானே எழுதிக்கொண்ட பத்துப் பேர் இதோ. உண்மையான ஆட்கள் அல்ல.

```python
from lifelines import KaplanMeierFitter
T = [1,1,2,2,3,5,6,8,11,11]
E = [1,1,1,0,1,1,0,1,0,0]
kmf = KaplanMeierFitter().fit(T, E)
print(kmf.survival_function_)
print(kmf.median_survival_time_)
```

0 போட்ட நால்வரில் இருவர் 2023-இலும் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மற்ற இருவர் நாம் பின்தொடராத வெளிநாட்டு லீக்குக்குப் போய்விட்டார்கள். இவர்களைத் தூக்கிப் போட்டுவிட்டு மிச்ச ஆறு பேருக்குச் சராசரி எடுத்தால் 3.3 ஆண்டு வரும். நீண்ட நாள் ஆடுபவர்களையே தள்ளிவிட்டோமே, குறையாமல் என்ன செய்யும்!

படி 3: கையால் ஒருமுறை

கேப்ளன்-மையர் முறை ஆண்டுக்கு ஆண்டு பெருக்கிக்கொண்டே போகும். முதல் ஆண்டில் பத்தில் இருவர் போனார்கள்: 0.8. இரண்டாம் ஆண்டில் எட்டில் ஒருவர்: 0.8 × 7/8 = 0.7. அதே ஆண்டில் வெளிநாடு போனவர் வளைவை இறக்கமாட்டார்; ஆனால் அடுத்த ஆண்டின் கணக்கில் இருக்கமாட்டார். எனவே மூன்றாம் ஆண்டில் ஆறில் ஒருவர்: 0.7 × 5/6 = 0.58. ஐந்தாம் ஆண்டில் 0.47, எட்டாம் ஆண்டில் 0.31. வளைவு முதன்முதலில் பாதிக்கோ அதற்குக் கீழேயோ இறங்குவது ஐந்தாம் ஆண்டில், அதுதான் இடைநிலை.

படி 4: இன்றைய பையனுக்கு

மூன்று ஆண்டு தாண்டிவிட்ட ஒருவருக்கு 0.31 என்று சொல்வது தவறு. ஆரம்பத்தில் விழுந்தவர்களை அவர் ஏற்கெனவே கடந்துவிட்டார். எட்டு ஆண்டைத் தாண்டும் வாய்ப்புக்கு ஒன்றை மற்றொன்றால் வகுக்க வேண்டும்: 0.311 / 0.583, ஏறத்தாழ 53 சதவீதம்.

படி 5: வெளிநாடு போனவர்தான் சந்தேகம்

பார்வையிலிருந்து மறைந்தவர்களும் மற்றவர்களைப் போலத்தான் என்று இந்த முறை நம்புகிறது. கால்பந்தில் அது எப்போதும் சரிவராது. திறமைக்காக வெளிநாடு அழைத்தார்களா, உள்ளூரில் யாரும் சீண்டாததால் போனாரா? இரண்டாம் ஆண்டில் போனவரை வைத்து இரண்டு தடவை ஓட்டிப் பாருங்கள். அங்கேயே முடிந்தது என்று வைத்தால் இடைநிலை 3 ஆண்டு, எட்டாம் ஆண்டில் 0.27. அவர் 11 ஆண்டும் ஆடினார் என்று வைத்தால் இடைநிலை 5 ஆண்டு, எட்டாம் ஆண்டில் 0.375. ஒரே ஆளால் இவ்வளவு ஆட்டம்! உண்மைத் தரவில் இந்த இடைவெளி பெரிதாக வந்தால், அந்த லீக்குகளின் பதிவுகளையும் தேடிச் சேர்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

அப்புறம், வளைவின் வால் பகுதியை நம்பிப் பேசாதீர்கள். எட்டாம் ஆண்டுக் கணக்கில் நிற்பது மூன்றே பேர். `kmf.plot_survival_function()` போட்டால் வளைவைச் சுற்றி வரும் நிழல் அங்கே எவ்வளவு அகலம் என்று தெரியும். கோல்கீப்பர்களைத் தனியாகப் பிரிக்க ஆசை வரும், நியாயமும்கூட. ஆனால் ஒரே ஆண்டில் ஒப்பந்தம் போட்டவர்களில் அவர்கள் சொற்பம். அடுத்தடுத்த சில ஆண்டுகளைச் சேர்த்துக்கொண்டு பிரியுங்கள்.