பையில் போடும்போது ஸ்கேன் செய்யுங்கள்

ஓடருக்குச் சட்டைகளைப் பொதி செய்யும்போது தவறான அளவு போய்விடாதிருக்க, பார்கோடை, பொருளை அலுமாரியிலிருந்து எடுக்கும்போதல்ல, பையில் போடும் கணத்தில் ஸ்கேன் செய்யுங்கள். யூஎஸ்பி ஸ்கேனர் கணினிக்கு ஒரு விசைப்பலகைதான், வாசித்த குறியீட்டை நீங்கள் தெரிந்த கட்டத்தில் தட்டிவிடும். விரிதாளில் A2 இல் ஓடரின் குறியீடு, B2 இல் ஸ்கேன், C2 இல் `=EXACT(A2,B2)`. TRUE வந்தால் மட்டும் முகவரிச் சீட்டை ஒட்டுங்கள்.

புறக்கோட்டையில் மொத்தமாக எடுக்கும் ஒரே நிறச் சட்டைகளில் 38ஐயும் 40ஐயும் கண் குழப்பிவிடும், குறியீடு குழப்பாது. இரண்டு சட்டை கேட்டிருந்தால் பட்டியலில் இரண்டு வரி வேண்டும். ஒரே சட்டையை இருமுறை ஸ்கேன் செய்வதுதான் வழக்கமான தவறு, ஆகவே ஸ்கேன் செய்ததை உடனே பையில் இடுங்கள்.

எல்லா அளவுக்கும் ஒரே பார்கோடு இருந்தால் இது உதவாது. முதலில் அளவுதோறும் தனி லேபிள் ஒட்ட வேண்டும். லேபிளே மாறியிருந்தாலும் பிடிபடாது.