அரசியலமைப்புக்கு ஒரே புத்தகம்

குரூப் 2 தேர்வுக்கு அரசியலமைப்பு படிக்க ஆளாளுக்கு ஒரு புத்தகம் சொன்னார்கள், நானும் நான்கு வாங்கி எதிலும் முகவுரையைத் தாண்டவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்கிலும் பண மசோதா பகுதியை மட்டும் படித்துவிட்டு, மூடிவைத்து, பழைய கேள்விகளைப் போட்டுப் பார்த்தேன். இரண்டில் 110-வது பிரிவின் வாசகம் அப்படியே இருந்தது, அவ்வளவுதான். மூன்றாவது, மாநிலங்களவை 14 நாளில் திருப்பி அனுப்ப வேண்டும் என்றது, அனுப்பாவிட்டால்? பதில் இல்லை. இரு அவைகளிலும் நிறைவேறியதாகவே கருதப்படும் என்பது நான்காவதில்தான் இருந்தது, கூடவே சாதாரண மசோதாவோடு ஒப்பிட்டு ஒரு அட்டவணை. சரி, இதுதான் என்று முடிவு செய்தேன். மற்றவற்றில் கூடுதலாகக் கிடைத்ததை இதன் ஓரத்திலேயே பென்சிலால் குறித்துக்கொண்டு, அந்த மூன்றையும் தம்பியிடம் தள்ளிவிட்டேன். பழைய பதிப்பு என்பதால் 106-வது திருத்தம் இதில் இல்லை, தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.