டெமரேஜ் பில் வந்துவிட்டதா? பணம் கட்டும் முன் நாட்களை எண்ணுங்கள்

மார்த்தாண்டம், கருங்கல், தக்கலைப் பக்கம் முந்திரி ஆலை நடத்துகிறவர்களுக்கு இந்தத் தலைவலி பழக்கமானது. பச்சை முந்திரிக்கொட்டை தான்சானியாவிலிருந்தோ ஐவரி கோஸ்ட்டிலிருந்தோ கண்டெய்னரில் வருகிறது. நம் மாவட்டத்தில் குளச்சல் இருந்தாலும் கண்டெய்னர் கப்பல் அங்கே வருவதில்லை. தூத்துக்குடியில்தான் இறக்க வேண்டும். சரக்கை எடுத்து, ஆலையில் இறக்கி, காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்து, அப்பாடா என்று உட்காரும்போது ஷிப்பிங் ஏஜென்ட்டிடமிருந்து டெமரேஜ் பில் வருகிறது.

அதைப் பார்த்ததும் பெரும்பாலோர் எழுதும் முதல் வரி, "துறைமுகத்தில் தாமதம் ஆனதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்?" என்பதுதான். நியாயமாகத் தோன்றும் இந்த வரிதான் இருப்பதிலேயே பலவீனமான வாதம். பல பில்களைக் குறைக்க வைப்பது நாட்களை எண்ணியதில் உள்ள தவறுதான். அதனால் எண்ணிக்கையை முதலில் எடுங்கள். தாமதத்தைப் பிறகு பேசலாம்.

பில் எதற்கு என்று பாருங்கள்

கண்டெய்னர் இறங்கிய பிறகு இரண்டு இடங்களிலிருந்து கட்டணம் வரும். பெட்டியைக் கெடு தாண்டி வைத்திருந்ததற்குக் கப்பல் கம்பெனி வாங்குவது ஒன்று. அதை ஏஜென்ட் டெமரேஜ் என்பார், டிடென்ஷன் என்பார்; சில கம்பெனிகள் இரண்டையும் ஒரே கணக்கில் சேர்த்துவிடும். பெட்டி, துறைமுகத்துக்கு வெளியே சரக்கைக் கையாளும் சி.எஃப்.எஸ். முற்றத்தில் கிடந்ததற்கான தரைவாடகை வேறு. அதை வாங்குகிறவரும் வேறு, அதற்கான விதியும் வேறு. ஒரே கடிதத்தில் இரண்டையும் எழுதினால் இருவருமே அடுத்தவரைக் கைகாட்டிவிடுவார்கள். இங்கே நாம் பேசுவது முதல் வகையை மட்டும்.

இலவச நாட்கள் எங்கே எழுதப்பட்டிருக்கின்றன?

விற்பவர் வாட்ஸ்அப்பில் "பதினான்கு நாள் ஃப்ரீ" என்று சொன்னது ஏஜென்ட்டைக் கட்டுப்படுத்தாது. பில் ஆஃப் லேடிங்கின் முகப்பிலோ, கப்பல் கம்பெனி விற்பவருக்கு அனுப்பிய புக்கிங் உறுதியிலோ அது இருக்க வேண்டும். பில் ஆஃப் லேடிங்கில் இல்லையென்றால் விற்பவரிடம் புக்கிங் உறுதியைக் கேட்டு வாங்குங்கள். இரண்டிலும் இல்லையென்றால் அந்தக் கம்பெனி இந்தியாவுக்கு வெளியிட்டிருக்கும் பொதுக் கட்டண அட்டவணைதான் பொருந்தும். அதில் நாட்கள் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும்.

அந்தத் தாளில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். எத்தனை நாட்கள்? எந்த நிகழ்விலிருந்து எண்ண வேண்டும்: கப்பல் வந்ததிலிருந்தா, பெட்டி இறங்கியதிலிருந்தா, இறங்கிய மறுநாளிலிருந்தா? விடுமுறை நாட்கள் சேருமா? மூன்றாவதற்குப் பதில் பெரும்பாலும் "சேரும்" என்பதே. ஞாயிறும் கிறிஸ்துமஸும் உங்கள் கணக்கில்தான் ஓடும். பணம் ஒளிந்திருப்பது இரண்டாவது கேள்வியில்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

விளக்கத்திற்காக ஓர் உதாரணம். இதிலுள்ள கட்டணங்களும் பெட்டியின் தேதிகளும் நான் அமைத்தவை; இடையில் வரும் மழை மட்டும் உண்மை, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த அதே மழை.

தான்சானியா கொட்டை, நாற்பதடிப் பெட்டி இரண்டு. கொழும்பில் மாற்றி ஏற்றிய சிறு கப்பல் டிசம்பர் 1 அன்று தூத்துக்குடி வெளித்துறைக்கு வந்தது. நங்கூரமிட்டுக் காத்திருந்து, பெட்டிகள் இறங்கியது 4ஆம் தேதி. காலிப் பெட்டிகள் திரும்பியது 28ஆம் தேதி. இலவச நாட்கள் 14, "இறங்கிய மறுநாள் முதல்" என்று புக்கிங் உறுதி சொல்கிறது. கெடுவுக்குப் பின் முதல் ஏழு நாட்களுக்கு ஒரு பெட்டிக்கு நாளொன்றுக்கு 40 டாலர், அதற்கு மேல் 80 டாலர்.

ஏஜென்ட் டிசம்பர் 1ஐ முதல் நாளாக வைத்திருக்கிறார். அவர் கணக்கில் 14ஆம் தேதியோடு கெடு முடிகிறது; 15 முதல் 28 வரை 14 நாட்களுக்குக் கட்டணம். ஏழு நாட்களுக்கு 280, அடுத்த ஏழுக்கு 560. பெட்டிக்கு 840 டாலர்.

தாளில் உள்ளபடி எண்ணினால் முதல் நாள் டிசம்பர் 5. கெடு 18 வரை. கட்டண நாட்கள் 19 முதல் 28 வரை, அதாவது பத்து. 280உம் 240உமாக 520 டாலர். நான்கே நாள் வித்தியாசத்தில் பெட்டிக்கு 320 டாலர் குறைகிறது, ஏனென்றால் குறைகிற நாட்கள் எப்போதும் வால்பக்கத்து விலையுயர்ந்த நாட்கள். முன்பக்கத்தில் ஒரு நாள் எண்ணிக்கைப் பிழைக்காகக்கூட மல்லுக்கட்டுவது வீண் வேலை அல்ல என்பதற்கு இதுவே காரணம்.

இறங்கிய தேதிக்கு ஆதாரம் எது? கப்பல் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் பெட்டி எண்ணைப் போட்டால் அது எந்தத் தேதியில் இறங்கியது என்று வரும். அதைப் படமெடுத்து வையுங்கள். டெர்மினலின் பதிவையும் கிளியரிங் ஏஜென்ட்டிடம் கேட்டு வாங்குங்கள். தங்கள் பதிவையே தாங்கள் மறுக்க ஏஜென்ட்டால் முடியாது.

இப்போது தாமதத்துக்கு வருவோம்

துறைமுகத் தாமதம் எல்லாம் ஒன்றல்ல. பெட்டி இறங்குவதற்கு முன் நடந்த தாமதம், மேலே பார்த்த நங்கூரக் காத்திருப்பு போல, எண்ணிக்கை இறங்கியதிலிருந்து என்று தாளில் இருந்தால் உங்களைத் தொடவே கூடாது. எண்ணிக்கை சரியானாலே அது கழன்றுவிடும். அதற்குக் கருணை கேட்க வேண்டியதில்லை.

பெட்டி இறங்கிய பின் ஏற்படும் நெரிசல், வேலைநிறுத்தம், மழை ஆகியவை வேறு கதை. பெரும்பாலான கட்டண விதிகளில் அவை இறக்குமதியாளர் தலையில்தான். நம் உதாரணத்தில் லாரி 18ஆம் தேதி பெட்டிகளை எடுக்கப் போயிருக்க வேண்டும், சாலையெங்கும் வெள்ளம். எடுத்தது 20ஆம் தேதி. இந்த இரண்டு நாட்களைக் கேளுங்கள், ஆனால் சலுகையாகக் கேளுங்கள். அந்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவானது. வானிலை மையத்தின் அறிக்கை, சாலை துண்டிக்கப்பட்ட செய்தி, உங்கள் லாரி பதிவான தேதி மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் மறுக்கக் கூச்சப்படுவார்கள். மழைக்கு முன்பே சரக்கு விடுவிக்கப்பட்டுத் தயாராக இருந்தது என்பதையும் காட்ட வேண்டும். தாவரத் தடுப்புக்காப்பு அனுமதியே 20ஆம் தேதிதான் வந்தது என்றால் மழையைக் காட்டிப் பயனில்லை.

சுங்கத்துறை பிடித்து வைத்த நாட்களுக்குத் தனி விதி உண்டு. 2018ஆம் ஆண்டின் கடல்சரக்குப் பட்டியல் மற்றும் மாற்றுக்கப்பல் ஒழுங்குமுறைகளின்படி, நீங்கள் சுங்கத்துக்குக் கொடுத்த பில் ஆஃப் என்ட்ரியைச் சரிபார்க்கச் சுங்கத்துறை பெட்டியைத் தடுத்து வைத்து, கடைசியில் நீங்கள் எழுதியது சரி என்று தெரிந்தால், அந்த நாட்களுக்குக் கப்பல் கம்பெனி டிடென்ஷன் கேட்கக்கூடாது. அறுபது நாட்களுக்கு மேல் போனால் கேட்கலாம். இதற்குச் சுங்கத்துறையிடம் தடுப்புச் சான்றிதழ் எழுதி வாங்க வேண்டும். வாய்மொழியாகச் சொன்னது செல்லாது.

கடைசி வகை, ஏஜென்ட் தரப்பின் தாமதம். இதைப் பலர் கவனிப்பதே இல்லை. நம் உதாரணத்தில் 26ஆம் தேதி காலிப் பெட்டிகள் ஆரல்வாய்மொழி, நெல்லை வழியாகத் தூத்துக்குடி போய்ச் சேர்ந்தன. ஏஜென்ட் குறிப்பிட்ட யார்டில் இடமில்லை என்று திருப்பிவிட்டார்கள். வேறு யார்டின் பெயர் மின்னஞ்சலில் வந்தது 28ஆம் தேதி காலையில். 27, 28 ஆகிய இரண்டு நாட்களும் அவர்கள் பொறுப்பு. இதை உரிமையாகவே கேட்கலாம். ஆனால் ஓட்டுநர் யார்டு வாசலில் லாரியோடு எடுத்த படமும், "இடமில்லை" என்று அன்றே ஏஜென்ட்டுக்கு நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலும் இருக்க வேண்டும். இரண்டு வாரம் கழித்து எழுதினால் யார்டு "லாரியே வரவில்லை" என்று சொல்லிவிடும். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கடிதம் எழுதும் முறை

கடிதம் ஆங்கிலத்தில்தான் போகும். வரிசை இப்படி இருக்கட்டும். பில் எண், பில் ஆஃப் லேடிங் எண், பெட்டி எண்கள். அடுத்து எண்ணிக்கைப் பிழை: அவர் கணக்கு, நம் கணக்கு, ஆதாரம். அதன்பின் யார்டு மறுத்த இரண்டு நாட்கள். இந்த இரண்டிற்கும் பிறகு மீதி எட்டு நாட்கள், பெட்டிக்கு 360 டாலர். இதை ஒப்புக்கொள்கிறோம் என்று தெளிவாக எழுதிவிடுங்கள். கட்ட வேண்டியதைக் கட்டுகிறவர் என்று தெரிந்தால்தான் அடுத்த பத்திக்கு மதிப்பு. அந்தப் பத்தியில் மழைக்காக இரண்டு நாள் சலுகை. திட்டுவதும் மிரட்டுவதும் வேண்டாம். படிக்கப்போகிறவர் மேலிடத்தின் அனுமதிக்காக இதையே மேலே அனுப்பப்போகிற ஓர் எழுத்தர்.

பெட்டி இன்னும் உங்களிடம் இருக்கும்போது தகராறு செய்துகொண்டு அதை நிறுத்தி வைக்காதீர்கள். கடிகாரம் ஓடும். டெலிவரி ஆர்டருக்காகவோ நீட்டிப்புக்காகவோ பணம் கட்டியே ஆக வேண்டுமென்றால், "ஆட்சேபத்துடன் கட்டுகிறோம், திரும்பப் பெறும் உரிமையை விட்டுவிடவில்லை" என்று கட்டிய அன்றே மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் கட்டுங்கள். பெட்டி திரும்பிய பின் வந்த பில் என்றால், ஒப்புக்கொண்ட தொகையை மட்டும் கட்டலாம். டெபாசிட் கொடுத்திருந்தால் மீதியை அதில் கழித்துக்கொள்ளாமல் இருக்க எழுத்தில் கேளுங்கள்.

தூத்துக்குடி அலுவலகம் பதில் சொல்லாவிட்டால் அவர்களோடு முட்டிக்கொண்டே இருக்க வேண்டாம். அங்கே இருப்பவர்களுக்குத் தள்ளுபடி கொடுக்கும் அதிகாரம் குறைவு. சரக்குக் கட்டணத்தைக் கொடுத்தவர் விற்பவர் என்றால் அவரிடம் சொல்லுங்கள். வருடம் முழுக்க கப்பல் கம்பெனிக்குச் சரக்கு கொடுக்கிறவர் கேட்டால் கம்பெனி காது கொடுக்கும். வக்கீலிடம் போகும் முன் பில் ஆஃப் லேடிங்கின் பின்பக்கத்தைப் படித்துவிடுங்கள். வழக்கு எந்த நாட்டு நீதிமன்றத்தில் என்று அங்கே எழுதியிருக்கும். சில நூறு டாலருக்காக லண்டனுக்கோ சிங்கப்பூருக்கோ யாரும் போகப்போவதில்லை.

நம் உதாரணத்தில் ஏஜென்ட் எண்ணிக்கையைத் திருத்தி, யார்டு நாட்களை ஒத்துக்கொண்டு, மழைக்கு ஒரு நாள் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சுவது ஏழு நாட்கள், பெட்டிக்கு 280 டாலர்; இரண்டு பெட்டிக்கும் 1,680 வர வேண்டிய இடத்தில் 560. குறைந்த தொகைக்குக் கிரெடிட் நோட் கேட்டு வாங்குங்கள், பழைய பில்லின் எண் அதில் இருக்க வேண்டும். "அடுத்த பெட்டியில் பார்த்துக்கொள்வோம்" என்ற வாக்கை ஏற்காதீர்கள். முதல் பில்லில் ஜி.எஸ்.டி. ஏற்கெனவே போட்டிருப்பார்கள், கிரெடிட் நோட் இல்லாமல் உங்கள் கணக்கர் அதைச் சரிசெய்ய முடியாது.