கிண்டல் கமெண்டுக்கு நிதானமாக வீடியோவில் பதில் சொல்வது எப்படி: ஒரு ஃபிரைடு ரைஸ் வீடியோவை வைத்துச் செய்முறை

என் சமையல் சேனலில் சிக்கன் ஃபிரைடு ரைஸ் வீடியோ ஒன்று போட்டேன். அதில் கால் டீஸ்பூன் அஜினமோட்டோ சேர்த்திருந்தேன். மறுநாள் காலையில் போனைத் திறந்தால், மேலே நின்ற கமெண்ட் இது: "அமெரிக்காவுல தடை பண்ண விஷத்தை அள்ளிப் போடுறியே, நீயெல்லாம் படிச்சவளா? உன் புருஷன் பாவம்." கீழே சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக.

அன்று எனக்குக் கை நடுங்கியது. பதிலுக்கு ஏதோ தட்டி, அழித்து, மறுபடி தட்டி, நல்லவேளை அனுப்பவில்லை. மூன்று நாள் கழித்து 80 நொடியில் ஒரு வீடியோ போட்டேன். இப்போதுதான் சேனல் தொடங்கியிருப்பவர்களுக்கு உதவும் என்பதால், அதை எப்படிச் செய்தேன் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. கமெண்டிலிருந்து சரிபார்க்கக்கூடிய வரியை மட்டும் பிரித்தெடுங்கள்

ஒரு தாளில் அந்தக் கமெண்டை அப்படியே எழுதுங்கள். உங்களைப் பற்றியது எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். "படிச்சவளா", "புருஷன் பாவம்" இரண்டும் போனதும் எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: "அஜினமோட்டோ அமெரிக்காவில் தடை செய்யப்பட்டது; அது விஷம்."

இது உண்மையா பொய்யா என்று தேடிப் பார்க்க முடியும். அதனால் வீடியோ போடலாம். அடித்த பிறகு ஒன்றுமே மிஞ்சவில்லை என்றால் அது வெறும் வசவு. அதற்கு வீடியோ வேண்டாம், மறைத்துவிடுங்கள். மிரட்டலோ, உங்கள் வீட்டு முகவரியோ, உங்கள் படத்தை வைத்த அசிங்கமோ இருந்தால் அது வேறு விஷயம். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு cybercrime.gov.in தளத்தில் புகார் கொடுங்கள். அதையும் வீடியோவாக்கிப் பதில் சொல்லப் போகாதீர்கள்.

இன்னொன்றும் பாருங்கள். அதே சந்தேகத்தை இன்னும் பத்துப் பேராவது கேட்டிருக்கிறார்களா? என் வீடியோவின் கீழே, "அக்கா, நிஜமாவே கெடுதலா? பிள்ளைக்குக் கொடுக்கலாமா?" என்று மரியாதையாகக் கேட்டவர்கள் இருந்தார்கள். நான் பேசியது அவர்களிடம்தான். திட்டியவரை மனதில் வைத்துப் பேசியிருந்தால் வீடியோ சண்டையாகியிருக்கும்.

2. அவர் சொன்னதில் எது சரி என்று முதலில் தேடுங்கள்

இந்தப் படிக்குத்தான் அதிக நேரம் பிடிக்கும், பிடிக்கவும் வேண்டும். நமக்குச் சாதகமானதை மட்டும் தேடினால் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். எதிராளிக்குச் சாதகமானதைத் தேட எனக்கு இரண்டு நாள் ஆனது.

அமெரிக்காவில் தடை இல்லை. அந்த நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம் இதை "பொதுவாகப் பாதுகாப்பானது" என்று ஏற்ற பொருட்களில் வைத்திருக்கிறது. அது தெளிவாகக் கிடைத்தது. உடனே, "எந்த நாட்டிலும் தடை இல்லை" என்று பேச்சுக் குறிப்பில் எழுதிவிட்டேன். அப்புறம் மனசு கேட்காமல் இன்னொரு முறை தேடினால், 2018-இல் பாகிஸ்தான் உச்ச நீதிமன்றம் அதன் விற்பனைக்குத் தடை உத்தரவு போட்டிருக்கிறது! அந்த ஒரு வரி வீடியோவில் போயிருந்தால், மற்ற எல்லாம் சரியாக இருந்தும் நான் பொய்க்காரியாகியிருப்பேன். "எங்கும்", "யாருக்கும்", "ஒருபோதும்" என்ற சொற்கள் உங்கள் குறிப்பில் இருந்தால், அங்கேதான் தப்பு ஒளிந்திருக்கும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்றும் பார்த்தேன். ஜப்பானில் கிகுனே இக்கெடா என்ற வேதியியல் பேராசிரியர் 1908-இல் கடற்பாசிச் சாற்றின் ருசிக்குக் காரணம் குளூட்டமேட் என்று கண்டறிந்தார். அதன் உப்புதான் அஜினமோட்டோ. 1968-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் ஒரு டாக்டரின் கடிதம் வெளியானது. சீன உணவகத்தில் சாப்பிட்டால் பிடரி மரத்துப்போகிறது, படபடப்பு வருகிறது, சோயா சாஸா, சமையல் ஒயினா, உப்பா, இந்தப் பொருளா தெரியவில்லை என்று கேட்டிருந்தார். கேள்வியாக வந்தது, காலப்போக்கில் தீர்ப்பாகிவிட்டது. இவ்வளவு சுவையான கதை கிடைத்தும் அதை வீடியோவில் சேர்க்கவில்லை. கேட்டது "தடையா, கெடுதலா" என்பது மட்டும்தானே. தேடியதில் கால்வாசியைச் சொன்னால் போதும்.

அவர் பக்கம் நியாயமாக எனக்குக் கிடைத்தவை மூன்று. ஒன்று, பாகிஸ்தான் உத்தரவு. இரண்டு, சாப்பாடு இல்லாமல் 3 கிராமோ அதற்கு மேலோ உள்ளே போனால் சிலருக்குத் தலைவலி, மதமதப்பு கொஞ்ச நேரம் வரலாம் என்று அதே அமெரிக்க நிர்வாகம் சொல்கிறது. மூன்று, ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்கு ஏற்றதல்ல என்ற எச்சரிக்கையை நம் நாட்டு லேபிள் விதியே கேட்கிறது. மூன்றையும் நானே சொல்லிவிட முடிவு செய்தேன்.

3. பேச வேண்டியதை எழுதிவிடுங்கள்

மனதில் இருக்கிறது, கேமரா முன்னால் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்தால் கோபம்தான் முதலில் வரும். எழுதும்போது முதல் வரியில் உண்மையை வையுங்கள். தவறான தகவல் இரண்டாவதாக, ஒரே ஒரு முறை வரட்டும். "அஜினமோட்டோ விஷமா?" என்று தொடங்கினால், ஐந்து நொடியில் தள்ளிவிட்டுப் போகிறவர் காதில் "விஷம்" மட்டும்தான் விழும்.

நான் பேசியது இது:

"வணக்கம். ஃபிரைடு ரைஸ்ல நான் போட்ட அஜினமோட்டோ, அமெரிக்காவில விற்க அனுமதி உள்ள பொருள். அங்க தடைன்னு சிலர் எழுதியிருந்தீங்க, தேடிப் பார்த்தேன், அங்க தடை இல்லை. பாகிஸ்தான்ல 2018-ல உச்ச நீதிமன்றம் தடை உத்தரவு போட்டது, அது உண்மை. சிலருக்கு ஒத்துக்காதுங்கறதும் உண்மை. சாப்பாடு இல்லாம 3 கிராமோ அதுக்கு மேலயோ போனா தலைவலி, மதமதப்பு கொஞ்ச நேரம் வரலாம்னு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லுது. நான் போட்டது எவ்வளவுன்னு இப்ப எடை போடுறேன். கால் டீஸ்பூன், 1 கிராம். நாலு பேர் சாப்பிட்டோம். ஒரு வயசுக்குள்ள இருக்கற குழந்தைக்குக் கொடுக்காதீங்க. உங்களுக்கு ஒத்துக்கலைன்னா போடாமலே செய்யலாம், காளான் சேர்த்தா ருசி நல்லாவே வரும். எங்க படிச்சேன்னு கீழ போட்டிருக்கேன். எந்தக் கம்பெனியும் எனக்குப் பணம் கொடுக்கலை."

முதலில் எழுதியதில் "இதுகூடத் தெரியாமல்" என்று ஒரு இடத்தில் இருந்தது. "சில அறிவாளிகள்" என்று இன்னொரு இடத்தில். இரண்டையும் என் தங்கைதான் பார்த்துச் சொன்னாள். எழுதியதைச் சத்தமாகப் படித்து, யாரையாவது குத்தும் சொல் இருந்தால் எடுத்துவிடுங்கள். "அன்பான சகோதரரே" என்று இழுப்பதும் குத்தல்தான், கேட்பவருக்குப் புரிந்துவிடும்.

4. எடுக்கும்போது

முகத்தை விடக் கையைக் காட்டுங்கள். என் வீடியோவில் பாதி நேரம் தெரிந்தது ஒரு சின்ன எடை மெஷின்தான். கிண்ணத்தை வைத்து, பூஜ்யம் ஆக்கி, கால் டீஸ்பூனைத் தலை தட்டிப் போட்டேன். எண் 0-விலிருந்து 1-க்கு மாறுவதை வெட்டாமல் விட்டேன். அந்த இடத்தில் நான் பேசவும் இல்லை. பார்க்கிறவர் தாமே படித்துக்கொள்ளட்டும்.

கமெண்டைத் திரையில் காட்டும்போது பெயரையும் படத்தையும் மறைத்துவிடுங்கள். யூடியூப் ஷார்ட்ஸிலும் இன்ஸ்டாகிராமிலும் கமெண்டைத் தொட்டு அங்கிருந்தே வீடியோவாகப் பதில் போடும் வசதி இருக்கிறது. ஆனால் அதில் எழுதியவர் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். நல்ல கேள்வி கேட்டவருக்கு அது பொருத்தம். திட்டியவருக்கு அதைப் பயன்படுத்தினால் உங்கள் பார்வையாளர்களை அவர் மேல் ஏவிவிட்டது போலாகும். நான் தனி வீடியோவாகப் போட்டு, சரிபார்க்கும் வரியை மட்டும் எழுத்தில் காட்டினேன்.

எடுத்து முடித்ததும் இரண்டு சோதனை. முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்: புருவம் ஏறுகிறதா, உதட்டு ஓரம் இகழ்ச்சியாகச் சுழிகிறதா? பிறகு போனைக் கவிழ்த்து வைத்துக் கேட்டு மட்டும் பாருங்கள். எனக்கு முதல் டேக்கில் "தடை இல்லை" என்ற இடத்தில் குரல் திடீரென்று ஏறியது. நான்காவது டேக்கில்தான் அது பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்வது போல வந்தது. இரவு பதினொரு மணிக்கு எடுத்த டேக்குகள் எல்லாம் வீண். காலையில் எடுத்ததுதான் தேறியது.

5. போட்ட பிறகு

தலைப்பில் "பதிலடி", "தரமான செருப்படி" எல்லாம் வேண்டாம். பார்வை கூடும், ஆனால் உள்ளே வருகிறவர்கள் சண்டை பார்க்கத்தான் வருவார்கள். "ஃபிரைடு ரைஸில் அஜினமோட்டோ: எவ்வளவு போடலாம், யார் தவிர்க்கணும்" என்று வைத்தேன்.

பழைய கமெண்டுக்குக் கீழே ஒரே ஒரு பதில்: "தேடிப் பார்த்து வீடியோ போட்டிருக்கேன், நேரம் இருந்தா பாருங்க." அதோடு லிங்க். படித்த பக்கங்களின் லிங்குகளைப் புது வீடியோவின் முதல் கமெண்டில் போட்டு, அது எப்போதும் மேலேயே நிற்கும்படி பின் செய்தேன்.

அடுத்த ஒரு நாள் முழுக்கக் கமெண்டுகளைக் கவனிக்க வேண்டும், முக்கியமாக நம் பக்கத்து ஆட்களை. என் வீடியோவின் கீழே, திட்டியவரின் பெயரைக் கண்டுபிடித்து அவரைக் கேவலமாகப் பேசிய கமெண்டுகள் வந்தன. எனக்கு ஆதரவாக எழுதியவைதான். அவற்றைத்தான் முதலில் நீக்கினேன். யூடியூப் ஸ்டூடியோ அமைப்புகளில் சில சொற்களைக் கொடுத்து வைத்தால், அவை வரும் கமெண்டுகள் நாம் பார்த்து ஒப்புக்கொள்ளும் வரை வெளியே தெரியாது. வீடியோ போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள். வசவுச் சொற்களைத் தமிழ் எழுத்தில் ஒரு முறை, ஆங்கில எழுத்தில் ஒரு முறை என இரண்டு விதமாகவும் கொடுங்கள், இல்லாவிட்டால் பாதி தப்பி வந்துவிடும்.

தகவலில் தவறு என்று யாராவது காட்டினால், சரிதானா பார்த்துவிட்டு, பின் செய்த கமெண்டின் மேல்வரியிலேயே திருத்தத்தை எழுதுங்கள். பெரிய தவறென்றால் யூடியூப் எடிட்டரில் அந்தத் துண்டை வெட்டலாம். ஆனால் போட்ட வீடியோவுக்குப் பதில் வேறு வீடியோவை அதே லிங்கில் மாற்றி வைக்க முடியாது.

வேலை செய்ததா என்று பார்க்க லைக்கை எண்ணாதீர்கள், கேள்விகள் மாறுகின்றனவா என்று பாருங்கள். இரண்டாம் நாளில், "காளான் எவ்வளவு போடணும்?", "மேகி மசாலாவில் இருக்கா, பாக்கெட்டில் எங்க பார்க்கணும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். முதலில் திட்டியவர், "அமெரிக்கா இல்லன்னா பாகிஸ்தான், தடை தடைதான்" என்று எழுதினார். அதற்கு நான் பதில் எழுதவில்லை. பாகிஸ்தான் உத்தரவு வீடியோவிலேயே இருந்தது. மாதம் ஒன்றிரண்டு முறை இப்போதும் யாராவது அதே கமெண்டைப் போடுகிறார்கள், நான் லிங்கை மட்டும் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.