"தகுதி இல்லை" என்று ஒரு வரியில் எழுதாதீர்கள்

அறிவுத்திறன் குறைபாடும், நிஜத்தோடு தொடர்பு அறுந்துபோகும் சைக்கோசிஸ் என்ற மனநோயும் சேர்ந்த ஒருவரின் கோப்பைப் புதிதாக வரும் வைத்தியரோ சமூகப் பணியாளரோ கையில் எடுக்கும்போது என்னென்ன பிழை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம். கொழும்பு கிளினிக்குகளில் நாங்கள் பழகிய காலத்திலும் இதே பிழைகள்தான். திகதி போட மறப்பது, கையொப்பம் விடுபடுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். அவற்றை யாராவது பார்த்துத் திருத்திவிடுவார்கள். அவருக்கு முடிவெடுக்கும் தகுதி இருக்கிறதா என்று மதிப்பிடும்போது வந்து, யாரும் திருத்தாமல் அடுத்த கோப்புக்கும் தாவுகிற பிழைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எதற்கு என்று சொல்லாத கடிதம்

எனக்கு இன்னும் எரிச்சல் தீராத பிழை இது. ஒரு குடும்பம் வந்து, "டொக்டர், நொத்தாரிசு ஒரு லெட்டர் கேக்கிறார்" என்கிறது. கிளினிக்கில் கூட்டம். வைத்தியர் "உரியவர்களுக்கு" என்று தலைப்பிட்டு, இவர் மனநோயாளி, அறிவு வளர்ச்சி குறைந்தவர், முடிவெடுக்கத் தகுதியற்றவர் என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்துவிடுகிறார். என்ன முடிவு, எந்தத் திகதியில், எப்படிக் கேட்டுப் பார்த்து அப்படித் தீர்மானித்தார் என்பது எதுவும் கடிதத்தில் இல்லை.

செல்வி என்று ஒருவரை வைத்துக்கொள்வோம். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். வயது முப்பத்தாறு, கொட்டாஞ்சேனை. மிதமான அறிவுத்திறன் குறைபாடு. இருபதுகளில் தொடங்கிய சைக்கோசிஸ். அம்மா இறந்தபின் வீட்டில் மூன்று பிள்ளைகளுக்கும் பங்கு வந்தது. வீட்டை விற்று, தங்கையை வத்தளையில் தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்பது மூத்த அண்ணனின் எண்ணம். கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். செல்வி கையெழுத்துப் போட வேண்டும் என்பதால் நொத்தாரிசு கடிதம் கேட்டார். வேறோர் இடத்தில் மேலே சொன்ன மாதிரி ஒன்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்த ஒரு தாள் எங்கெல்லாம் போனது என்று பாருங்கள். நொத்தாரிசு அதைப் படித்துவிட்டு, தகுதியற்றவரின் கையெழுத்தை உறுதியில் வாங்க முடியாது என்று கைவிரித்தார். "அப்ப நான் அவவுக்காகப் போடுறன்" என்றார் அண்ணன். அதற்கும் வழியில்லை, அண்ணன் என்ற உறவு மட்டும் அந்த அதிகாரத்தைத் தராது. அற்றோணித் தத்துவம் எழுதலாமா என்று கேட்டார்கள். தத்துவம் கொடுப்பவருக்கே அதைக் கொடுக்கும் தகுதி வேண்டுமே! விற்பனைக்காக வாங்கிய கடிதமே விற்பனையை முடக்கிவிட்டது.

அதோடு நிற்கவில்லை. கடிதத்தின் பிரதி வங்கிக்குப் போனது. செல்வி மாதாமாதம் தானே போய் எடுத்துவந்த உதவிப்பணத்தை அவர் கையில் கொடுக்க மறுத்தார்கள். அடுத்த முறை வார்டில் ஊசி மருந்துக்கு மாற்றியபோது செல்வியிடம் யாரும் கேட்கவில்லை. கோப்பில் "தகுதியற்றவர்" என்று இருக்கிறது என்று அண்ணனிடம் ஒப்புதல் வாங்கினார்கள். வீட்டு விற்பனைக்காக எழுதிய வரி, அவர் வாழ்க்கையின் மற்ற மூலைகளிலும் போய் உட்கார்ந்துகொண்டது.

தகுதி ஆளுக்கு உரியதல்ல. குறிப்பிட்ட ஒரு முடிவுக்கு, குறிப்பிட்ட ஒரு நேரத்துக்கு உரியது. அந்த முடிவுக்குத் தேவையான தகவல் விளங்குகிறதா, முடிவெடுக்கும் வரை அது மனதில் நிற்கிறதா, அதைச் சீர்தூக்கிப் பார்க்க முடிகிறதா, ஏதாவது ஒரு விதத்தில் தெரிவிக்க முடிகிறதா என்ற நான்கையும்தான் பார்க்கிறோம். மனத்திறன் பற்றிய இங்கிலாந்தின் 2005ஆம் ஆண்டுச் சட்டம் இந்த நான்கையும் வரிசையாகச் சொல்கிறது. இங்கே அது சட்டமல்ல, ஆனால் மதிப்பீட்டுக்கு நல்ல சட்டகம்.

எங்கள் நிலைமையில் ஒரு வேடிக்கை உண்டு. 1873இல் வந்த மனநோய்க் கட்டளைச் சட்டம் இன்னும் வழக்கில் இருக்கிறது. 2016இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 12ஆம் உறுப்புரை எல்லோருக்கும் சமமான சட்டத் தகுதி உண்டு என்கிறது. மனத்திறன் குறைவைக் காரணம் காட்டி அந்தத் தகுதியைப் பறிக்கக்கூடாது என்று அந்தச் சமவாயத்தின் குழு 2014இல் எழுதிய விளக்கம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒரே மேசையில் இரண்டு நூற்றாண்டுகளை வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிறோம். அதனால்தான் கடிதம் எவ்வளவு குறுகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

செல்வியை மறுபடி மதிப்பிட்டபோது முதலில் முடிவைத் துண்டுபோட்டோம். வீட்டை விற்கும் ஒப்பந்தம் ஒன்று. எங்கே, யாரோடு வாழ்வது என்பது இன்னொன்று. மாதச் செலவுப் பணம், மருந்து என்று மற்றவை தனித்தனி.

அடுத்து, எது தடை என்று பிரித்துப் பார்க்க வேண்டும். பிழையான விடை ஒன்று வந்தால் அதற்கு இரண்டு வேர் இருக்கலாம். விளங்காததால் வந்தது என்றால் எளிமையாக்கிச் சொல்ல வேண்டும். பிறழ்நம்பிக்கையால் வந்தது என்றால் எத்தனை படம் காட்டினாலும் பயனில்லை. வைத்தியமும் காலமும் வேண்டும். அப்போது செல்வி, அண்ணி சோற்றில் விஷம் வைப்பதாக ரேடியோ சொல்கிறது என்றார். அது எங்கே வாழ்வது என்ற முடிவை நேராகத் தொடுகிறது. ரேடியோ தன்னைப் பற்றிப் பாட்டுப் போடுகிறது என்று மட்டும் சொல்லியிருந்தால் அது இந்த முடிவைத் தொடாது, தகுதியையும் குறைக்காது. விற்பனைக்கு அவசரம் இல்லை என்பதால் மருந்தளவைச் சரிசெய்து, சில வாரங்கள் பொறுத்தோம்.

விஷப் பேச்சு அடங்கியபின் அதே கேள்வியைக் கேட்டேன். வத்தளைக்குப் போக அப்போதும் மறுத்தார். "பாத்தீங்களா, இன்னும் வருத்தம் சுகமாகேல்ல" என்றார் அண்ணன். காரணம் கேட்டேன்.

"அங்க இருந்து செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலுக்கு எப்படி மிஸ் வாறது? ரெண்டு பஸ். அண்ணா வேலைக்குப் போயிருவார். அண்ணி கூட்டிட்டு வரமாட்டா."

கொச்சிக்கடைக்குச் செவ்வாய்தோறும் நடந்தே போய்வருகிறவர் அவர். பஸ், தூரம், யார் வீட்டில் இருப்பார்கள் என்று எல்லாவற்றையும் எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறார். சீர்தூக்குவது என்றால் இதுதான். குடும்பம் நோய் என்று நினைத்ததை நான் தகுதிக்கான சான்றாகக் குறித்துவைத்தேன்.

விற்பனை வேறு கதை. ஆயிரம் ரூபாய்த் தாளைக் கொடுத்து மரக்கறி வாங்கினால் மிச்சம் எவ்வளவு வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கோடி என்றால் அவருக்கு எதுவும் இல்லை. வீட்டின் படங்கள், பணத்தாள் கட்டுகள், இத்தனை வருட வாடகை என்ற கணக்கு என்று பல வழியில் முயன்றோம். "வித்தா திரும்பி வர ஏலாது" என்பது விளங்கி, அடுத்த நாளும் நினைவில் நின்றது. கிடைக்கும் விலை நியாயமா, தன் பங்கு எங்கே இருக்கும் என்பதைச் சீர்தூக்க முடியவில்லை.

ஆகவே புதிய கடிதம் இப்படிப் போனது: வீட்டு விற்பனை ஒப்பந்தத்துக்கு, இந்தத் திகதியில், இன்னின்ன உதவிகள் செய்தபின்னும் தகுதி இல்லை, காரணம் அறிவுத்திறன் குறைபாடு, தற்போதைய சைக்கோசிஸ் அல்ல. வசிப்பிடத்தைத் தெரிவு செய்யத் தகுதி உண்டு. நாளாந்தப் பணத்தைக் கையாளத் தகுதி உண்டு. மருந்து பற்றி உதவியோடு தீர்மானிக்கத் தகுதி உண்டு. விற்பனை பற்றிய அவர் விருப்பமும் அவர் சொன்ன சொற்களிலேயே சேர்ந்தது. விற்பனைக்கு வழி புதுக்கடை மாவட்ட நீதிமன்றம். அது விசாரித்து, சொத்தைப் பார்க்க ஒருவரை நியமிக்கலாம். மாதக்கணக்கில் இழுக்கும் என்று குடும்பத்திடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த நியமனம் மற்ற முடிவுகளையும் விழுங்கிவிடாமல் இருக்க, கடிதத்தில் உள்ள "தகுதி உண்டு" வரிகள்தான் சட்டத்தரணிக்குக் கைகொடுக்கும்.

"விளங்குதா?" என்று கேட்பது

அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களில் பலர் ஆம் என்று சொல்லியே வளர்ந்தவர்கள். ஆம் என்றால் டீச்சர் சிரிப்பார், டொக்டர் விடுவார். எனவே தலையாட்டலைப் புரிதலாகக் கணக்கெடுக்காதீர்கள். "நான் சொன்னதை அக்காவுக்கு எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். இரண்டு தெரிவுகள் கொடுத்தால் கடைசியாகச் சொன்னதையே திருப்பிச் சொல்கிறவர்கள் உண்டு. சற்றுப் பொறுத்து வரிசையை மாற்றிக் கேளுங்கள். விடையும் மாறினால் உங்களிடம் இன்னும் விடை இல்லை.

அண்ணனை மொழிபெயர்ப்பாளராக வைப்பது

வைத்தியர் சிங்களம், நோயாளி தமிழ். கொழும்பில் இது தினமும் நடப்பது. செல்வி நான்கு வாக்கியம் பேசினால் அண்ணன் "விருப்பமாம்" என்று முடித்துவிடுவார். தமிழ் தெரிந்த தாதியோ சமூகப் பணியாளரோ வரும்வரை மதிப்பீட்டைத் தள்ளிப் போடுங்கள்.

தனக்குள் பேசுவதெல்லாம் குரல் கேட்பது என்று எழுதுவது

அல்ல, வெறும் பழக்கமாகவும் இருக்கலாம். சின்ன வயதிலிருந்தே பேசுகிறாரா என்று வீட்டாரைக் கேளுங்கள்.

மருந்து மயக்கத்தில் மதிப்பிடுவது

இரவு மருந்து தெளிந்தபின் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் ஒரே துணை

துணையோடு முடிவெடுப்பது என்றதும் ஒருவரைப் பிடித்து "பொறுப்பாளர்" என்று எழுதிவிடுகிறார்கள். பழைய பாதுகாவலர் முறையே புதுப் பெயரில் திரும்பி வருகிறது. துணை, விளக்கவும் யோசிக்க நேரம் கொடுக்கவும் சொன்னதை மற்றவருக்குச் சொல்லவும் இருப்பவர். முடிவு செல்வியுடையது.

முடிவுக்கு ஒருவர் என்று பிரித்தோம். கிளினிக் திகதிக்கும் மருந்துக்கும் மூத்த அண்ணன். அதில் அவர் தங்கமானவர், ஒரு திகதியும் தவறவிட்டதில்லை. கடிதம், படிவம் வாசித்துச் சொல்ல வெள்ளவத்தையில் இருக்கும் அக்கா. எங்கே வாழ்வது என்ற பேச்சுக்குச் செல்வி தானாகவே கோயிலில் பழக்கமான ஓர் அம்மாவின் பெயரைச் சொன்னார். எங்கள் பட்டியலில் இல்லாதவர், அவரையே எழுதினோம். ஒரு முடிவால் லாபம் பெறுபவர் அந்த முடிவுக்குத் துணையாக உட்காரக் கூடாது. வீட்டு விஷயத்தில் அண்ணன், அக்கா இருவரும் பங்காளிகள் என்பதால் இருவரும் விலகினார்கள். அக்காவுக்கு அது பிடிக்கவில்லை.

மறுபடி நோய் கூடினால் என்ன செய்வது என்பதையும் நலமாக இருக்கும்போதே கேட்டு எழுதுங்கள். ரேடியோ பற்றிப் பேசத் தொடங்கினால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும், எந்த ஊசி ஒத்துக்கொள்ளவில்லை, வார்டுக்குப் போனால் வீட்டுச் சாவி யாரிடம் இருக்க வேண்டும் என்று செல்வி சொன்னதை படங்களோடு ஒரு பக்கத்தில் போட்டோம். இந்தத் தாளுக்கு வங்கியிலோ உறுதியிலோ எந்த அதிகாரமும் கிடையாது என்பதைத் துணைகளிடம் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஒரு பிரதி கோப்பின் முன்பக்கத்தில், ஒன்று செல்வியிடம். பழைய கடிதம் போன இடங்களையெல்லாம் கண்டுபிடித்து, புதியது அதை இரத்துச் செய்கிறது என்று எழுதி அனுப்புங்கள். எங்களுக்கு வங்கியோடுதான் அதிக நாள் போனது.