அப்பாவின் பேஸ்மேக்கர் அட்டையில் நான் திருத்திய ஒரு வரி

இதயத்தின் மேலறைகளிலிருந்து கீழறைகளுக்கு மின்தூண்டல் செல்லாத முழு இதய அடைப்புக்காக அப்பாவுக்கு இரட்டை அறை பேஸ்மேக்கர் பொருத்தியபின் கிடைத்த நான்கு பக்க அறுவைக் குறிப்பை, சட்டைப்பையில் அடங்கும் ஓர் அட்டையாகச் சுருக்கினேன். முதல் பக்கத்தில், கருவி இயங்கும் முறையைக் குறிக்கும் இடத்தில் ‘DDDR’ என்றிருந்ததால் அதையே அமைப்பு என்று எழுதிவிட்டேன். அது கருவியால் இயலும் உச்சத் திறனே தவிர, அன்று அதில் நிரலாக்கப்பட்ட அமைப்பு அல்ல. கடைசிப் பக்கத்து அச்சுத்தாளில் ‘DDD 60–130’ என்றிருந்தது. அதாவது, துடிப்பின் கீழெல்லை நிமிடத்துக்கு 60, மேலெல்லை 130, உடலசைவுக்கேற்பத் துடிப்பைக் கூட்டும் ‘R’ வசதி அணைக்கப்பட்டிருந்தது.

இதில் 60 என்ற கீழெல்லைதான் அவசர சிகிச்சை மருத்துவருக்கு முதலில் தேவை, ஏனெனில் நாடி தொடர்ந்து 45 என்று இருந்தால் கருவியையோ அதை இதயத்தோடு இணைக்கும் மின்கம்பியையோ சந்தேகிக்க வேண்டும் என்பதை அந்த எண்தான் சொல்கிறது. (எப்போதாவது வரும் கூடுதல் துடிப்புகள் கையில் எட்டாமல் நாடியைக் குறைத்துக் காட்டுவதும் உண்டு, இசிஜி எடுத்தால் தெரிந்துவிடும்.)

எம்ஆர்ஐ வரியையும் மாற்றினேன். கருவிப் பெட்டி மட்டும் ஏற்றதாக இருந்தால் போதாது, இரு மின்கம்பிகளும் ஏற்றவையாக இருக்க வேண்டும் என்பதால், மூன்றின் மாதிரி எண்களையும் வரிசை எண்களையும் ஒட்டுத்தாள்களைப் பார்த்து எழுதினேன்.

அமைப்புகளுக்கு அருகே அவை பதிவான தேதியைப் பேனாவாலும், அடுத்த பரிசோதனைத் தேதியைப் பென்சிலாலும் குறித்தேன். மூன்றாம் மாதப் பரிசோதனையில் கீழெல்லை 50 ஆக்கப்பட்டதும் பழைய அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு, தொழில்நுட்பரைச் சரிபார்க்கச் சொல்லிப் புதியது எழுதினேன்.